வங்கியில் கடனும் உண்டு, சேமிப்பும் உண்டு: இரண்டையும் ஏன் கழித்துப் பார்ப்பதில்லை?

நாவலப்பிட்டி நகரில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. "தம்பி, என் காசும் அதே பேங்குலதான் இருக்கு, கடனும் அதே பேங்குலதான் இருக்கு. என் காசுக்கு அவங்க மூணு தர்றாங்க. அவங்க காசுக்கு நான் பன்னெண்டு கட்டுறேன். இதைக் கழிச்சிப் பார்க்க ஏலாதா?"

ஏலும். உலகின் சில நாடுகளில் அதைச் செய்வதற்கென்றே ஒரு வகை வீட்டுக் கடன் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் வீடு வாங்கிய எமது உறவினர்கள் "ஓஃப்செட்" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வது அதைத்தான். தமிழில் ஈடுசெய் கணக்கு என்று சொல்லலாம். இலங்கையில் பொதுவாக விற்கப்படுவது சாதாரண வீட்டுக் கடன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன, அந்த வசதி கிடைக்காத இடத்தில் அதன் பலனில் எவ்வளவைப் பெறலாம் என்பதை அந்தக் கடைக்காரரின் கணக்கை வைத்தே பார்ப்போம். அவரது விபரங்களைச் சற்று மாற்றி, தொகைகளை முழு எண்களாக ஆக்கியிருக்கிறேன்.

அவர் வாங்கிய கடன் 50 இலட்சம் ரூபா. வட்டி ஆண்டுக்கு 12 வீதம், காலம் 15 ஆண்டுகள், மாதத் தவணை 60,008 ரூபா. அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் 15 இலட்சம் வைத்திருக்கிறார். அதில் ஒரு பகுதி கடையில் மிச்சம் பிடித்தது. மீதி சிட்னியில் இருக்கும் தங்கை சிறுகச் சிறுக அனுப்பியது.

"அந்தப் பதினைந்தைக் கடனில் போட்டுவிடலாமே ஐயா" என்றேன். அவர் உடனே மறுத்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு சிறுவனாகப் பெற்றோருடன் வவுனியாவுக்குப் போனவர் அவர். பிறகு கிளிநொச்சி, கடைசியில் மெனிக் பாம் முகாம். அதன் பின்னர்தான் பிறந்த ஊருக்குத் திரும்பினார். "கடைசி மாசங்கள்ல புத்தகத்துல காசு இருந்துச்சு, கையில இல்ல. இனிமே எனக்குக் கேட்ட நேரத்துல எடுக்க முடியாத காசு காசே இல்ல" என்றார்.

வட்டியை மட்டும் பார்க்கும் ஆலோசகர் இதைப் பயம் என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் ஈடுசெய் கணக்கு என்ற ஏற்பாடு தீர்க்க முயல்வது சரியாக இந்தப் பிரச்சினையைத்தான். காசு கடனைக் குறைக்கவும் வேண்டும், கையை விட்டுப் போகவும் கூடாது.

சாதாரண கடனில் தவணை எங்கே போகிறது

சாதாரண வீட்டுக் கடனில் ஒவ்வொரு மாதமும் மீதியிருக்கும் முதலுக்கு வட்டி கணக்கிடப்படுகிறது. தவணையிலிருந்து அந்த வட்டியை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் முதலில் கழிகிறது. எங்கள் கடைக்காரருக்கு முதல் மாத வட்டி 50 இலட்சத்துக்கு ஒரு வீதம், அதாவது 50,000 ரூபா. 60,008 ரூபா தவணையில் முதலுக்குப் போவது வெறும் 10,008 ரூபா. அடுத்த மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கழியும், அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். இப்படியே 180 மாதங்கள் கட்டினால் மொத்தமாகக் கட்டியது ஏறத்தாழ 108 இலட்சம். அதில் 58 இலட்சம் வட்டி. வாங்கிய கடனை விட வட்டி அதிகம்.

மறுபக்கத்தில் அவரது 15 இலட்சம் 3 வீதத்தில் ஆண்டுக்கு 45,000 ரூபா தருகிறது. 2025 ஏப்ரலிலிருந்து வங்கி வட்டியில் 10 வீதம் முற்பண வருமான வரியாகப் பிடிக்கப்படுகிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் உரிய பிரகடனத்தைக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். ஆனால் கடை வைத்திருக்கும் இவரிடம் பிடிக்கிறார்கள். கைக்கு வருவது 40,500 ரூபா. அதே 15 இலட்சம் ரூபாக் கடனுக்கு அவர் கட்டும் வட்டியோ ஆண்டுக்கு 180,000 ரூபா. இடைவெளி 139,500 ரூபா. "கேட்ட நேரத்தில் எடுக்கக்கூடிய காசு" என்ற நிம்மதிக்கு அவர் ஆண்டுதோறும் கொடுக்கும் விலை இதுதான்.

காசு எதிரே நிற்கும்போது

ஈடுசெய் கணக்கில் நடப்பது எளிமையானது. கடன் 50 இலட்சமாகவே இருக்கும், சேமிப்பும் 15 இலட்சமாகவே இருக்கும். ஒன்றை மற்றொன்றில் கொட்டுவதில்லை. ஆனால் வட்டி கணக்கிடும்போது மட்டும் வங்கி இரண்டையும் கழித்துப் பார்த்து, மிஞ்சும் 35 இலட்சத்துக்குத்தான் வட்டி போடுகிறது. சேமிப்புக்குத் தனியாக வட்டி கிடையாது. அது சம்பாதிக்க வேண்டியதைக் கடன் பக்கத்தில் சம்பாதித்துவிடுகிறது.

அதே 12 வீதத்தில் இப்படியொரு கடன் இருந்தால் முதல் மாத வட்டி 50,000 அல்ல, 35,000 ரூபா. தவணை மாறுவதில்லை, அதே 60,008 ரூபாதான். ஆகவே முதலுக்குப் போவது 25,008 ரூபா. சாதாரண கடனில் போனதை விட இரண்டரை மடங்கு.

15 இலட்சத்தை அவர் தொடாமல் வைத்திருந்தால் 88 ஆவது மாதத்தில், அதாவது ஏழு வருடம் நான்கு மாதத்தில், மீதிக் கடனும் 15 இலட்சம், சேமிப்பும் 15 இலட்சம் என்ற நிலை வந்துவிடும். அன்றைக்கே கடனை மூடலாம். மூடாமல் விட்டாலும் வட்டி ஓடாது. அதுவரை கட்டிய வட்டி ஏறத்தாழ 17 இலட்சத்து 80 ஆயிரம்.

இங்கே 58 இலட்சத்தையும் 17.8 இலட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "நாற்பது இலட்சம் இலாபம்" என்று விளம்பரம் போடுவார்கள். அது நேர்மையான ஒப்பீடு அல்ல. சாதாரண கடன்காரரின் சேமிப்பும் அந்தக் காலத்தில் வளர்ந்திருக்கும் அல்லவா? சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் அதே 88 ஆவது மாதத்தில் இருவரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். சாதாரண கடன்காரருக்கு இன்னும் ஏறத்தாழ 36 இலட்சம் கடன் மீதி. வரி போக 2.7 வீதத்தில் வளர்ந்த அவரது சேமிப்பு 18 இலட்சத்தைச் சற்றுத் தாண்டியிருக்கும். கழித்தால் 17 இலட்சத்து 75 ஆயிரம் அளவில் கடனாளி. ஈடுசெய் கணக்குக்காரர் அன்றைக்குக் கடனாளி இல்லை. உண்மையான வித்தியாசம் அந்தப் பதினேழு முக்கால் இலட்சம்தான். அதுவே பெரிய தொகை. மிகைப்படுத்தத் தேவையில்லை.

இடையில் மகளின் படிப்புக்கு 5 இலட்சம் தேவைப்பட்டால் என்ன நடக்கும்? எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் விண்ணப்பம் கொடுக்க வேண்டியதில்லை, ஏரிஎம் அட்டையே போதும். அந்த மாதத்திலிருந்து வட்டி 5,000 ரூபாவால் கூடும், தவணை அதேதான். அதாவது முதலில் கழிவது 5,000 ரூபாவால் குறையும். திரும்பப் போட்டால் மீண்டும் குறைந்த வட்டி.

பெரும்பாலும் வட்டி ஒவ்வொரு நாள் மீதிக்கும் கணக்கிடப்பட்டு மாத முடிவில் அறவிடப்படுவதால், சில நாட்கள் மட்டும் தங்கிப் போகும் காசுக்கும் பலன் உண்டு. கடை வியாபாரத்தில் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வைத்திருக்கும் காசு சராசரியாக ஒன்றரை இலட்சம் கணக்கில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மாதம் 1,500 ரூபா வட்டியைக் குறைக்கும். அந்தக் காசு உண்மையில் அவருடையதுகூட அல்ல, இன்னும் சில நாட்களில் கண்டிக் கடைக்குப் போக வேண்டியது.

சிட்னியில் ஏன் ஓடுகிறது

அவுஸ்திரேலியாவில் இந்தக் கணக்கு பரவியதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். அங்கே சேமிப்பு வட்டி வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். நடுத்தர வருமானமுள்ள ஒருவர் ஒரு இலட்சம் டொலரை 4 வீதத்துக்குப் போட்டால் 4,000 டொலர் கிடைக்கும். 30 வீத வரியும் 2 வீத மருத்துவ வரியும் போக மிஞ்சுவது 2,720 டொலர். அதே ஒரு இலட்சத்தை 6 வீத வீட்டுக் கடனுக்கு எதிரே நிறுத்தினால் 6,000 டொலர் வட்டி குறையும். கட்டாத வட்டி வருமானம் அல்ல, ஆகவே அதற்கு வரி இல்லை. 2022 மேயிலிருந்து 2023 நவம்பர் வரை அந்நாட்டு மத்திய வங்கி அடிப்படை வட்டியை 13 தடவைகள் கூட்டி, 0.10 வீதத்திலிருந்து 4.35 வீதத்துக்குக் கொண்டுபோனது. கணக்கில் நல்ல தொகை வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்த உயர்வு கடனின் ஒரு பகுதிக்கு மட்டுமே பட்டது.

அங்கே இன்னொரு வசதியும் உண்டு, தமிழர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கூடுதலாகக் கட்டிய தவணையைத் தேவைப்பட்டால் திரும்ப எடுக்கும் வசதி அது. வட்டிக் கணக்கில் இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் ஈடுசெய் கணக்கில் இருப்பது உங்கள் வைப்புப் பணம். திரும்ப எடுக்கும் வசதியில் இருப்பது நீங்கள் ஏற்கனவே கட்டிவிட்ட கடன். அதைத் திரும்பத் தருவது ஒப்பந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டது. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் இறுதியில், அங்குள்ள எம்ஈ வங்கி தனது வாடிக்கையாளர் பலருக்குத் திரும்ப எடுக்கக்கூடிய தொகையை முன்னறிவித்தல் இல்லாமல் குறைத்தது. சேமிப்பு என்று நம்பியிருந்த தொகை ஒரு காலையில் திரையில் சுருங்கிப் போயிருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு வங்கி மன்னிப்புக் கேட்டுப் பழைய நிலைக்குத் திரும்பியது. "எடுக்கலாம்" என்று ஒரு வங்கி அதிகாரி சொன்னால், எந்தப் பெயரில் உள்ள எந்தக் கணக்கிலிருந்து என்று கேட்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

இந்தியாவில் இதற்கு நெருங்கியது பாரத ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் என்ற வீட்டுக் கடன். அது மேலதிகப் பற்றாக, ஓவர்டிராஃப்ட் ஆக, அமைக்கப்பட்டது. மிகைப் பணத்தை அந்தக் கணக்கிலேயே போட்டால் வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுக்கலாம். இந்தியாவில் தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்று 2012 இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டது. ஆகவே தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இந்தக் கடனின் பயன், காசைத் திரும்ப எடுக்கலாம் என்பது மட்டுமே. வட்டியை மட்டும் குறைக்க வேண்டுமென்றால் சாதாரண கடனில் முன்கூட்டிக் கட்டினாலே போதும்.

இதற்கும் விலை உண்டு

வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கடைக்காரரின் 15 இலட்சம் நல்ல இலாபம் தரும் காசு. 3 வீதத்துக்கு வாங்கி 12 வீதத்துக்குக் கொடுக்கலாம், அதுவும் அவருக்கே. ஈடுசெய் கணக்கு அந்த இடைவெளியை இல்லாமல் செய்கிறது. ஆகவே இதைத் தரும் வங்கி வேறு வழியில் அதைத் திரும்ப எடுக்கப் பார்க்கும். ஒன்றில் வட்டியைச் சற்றுக் கூட்டும், அல்லது ஆண்டுக் கட்டணம் வாங்கும்.

சாதாரண கடனுக்கு 12 வீதம், ஈடுசெய் கடனுக்கு 12.75 வீதம் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் வீதம் சின்னதாகத் தெரியும். ஆனால் அது 50 இலட்சம் முழுவதற்கும் கணக்கிடப்படுவதால் முதல் ஆண்டில் 37,500 ரூபா. எதிரே நிற்கும் ஒவ்வொரு நூறு ரூபாவும் 12.75 ரூபா வட்டியைக் குறைக்கும், ஆனால் சேமிப்பில் கிடைத்திருக்கக்கூடிய 2.70 ரூபாவை இழக்கும். நிகரப் பலன் 10.05 ரூபா. 37,500 ரூபாவை இப்படி மீட்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 3 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா ஆண்டு முழுவதும் கணக்கில் நிற்க வேண்டும். அதற்குக் குறைவாக நின்றால் சாதாரண கடனே மலிவு. மாதம் முழுக்க நிற்காமல், சம்பளம் வந்த அன்றே வழித்தெடுக்கப்படும் கணக்குள்ளவர் இதை வாங்கக்கூடாது. அவர் மற்றவர்களின் வசதிக்குக் கட்டணம் கட்டுகிறவராகிவிடுவார்.

காசு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பொதுவாக அதே வங்கியில், கடன் பெற்றவரின் பெயரில், கடன் உள்ள அதே நாணயத்தில் இருக்கும் காசுதான் எதிரே நிற்கும். அம்மாவின் பெயரில் வேறு வங்கியில் கிடக்கும் வைப்பும், வெளிநாட்டு நாணயக் கணக்கில் தங்கை போட்டுவைத்த டொலரும் கணக்கில் வராது. சொந்தங்களின் காசெல்லாம் ஒருவர் பெயரில் சேர்ந்தால்தான் பலன் என்று ஆகும்போது பின்னர் குடும்பத்துக்குள் என்ன பேச்சு வரும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இன்னொன்று, தவணைகள் தொடர்ந்து தவறினால் அதே வங்கியில் இருக்கும் உங்கள் வைப்பைக் கடனுக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு வழக்கமாக ஒப்பந்தத்தில் இருக்கும். முழு நம்பிக்கையையும் ஒரே கட்டடத்துக்குள் வைக்காதிருக்க அது ஒரு நியாயமான காரணம்.

எல்லாக் காலத்திலும் கடனுக்கு எதிரே காசை நிறுத்துவதுதான் சரி என்றும் இல்லை. 2021 இல் இலங்கை வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளர்களிடம் வாங்கிய சராசரி வட்டி 6 வீதமளவில் இருந்தது. 2022 இறுதியில் அது 27 வீதத்தைத் தாண்டியது. அந்த வேளையில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். அதற்கு முன்னரே 9, 10 வீதத்தில் வட்டி மாறாத வீட்டுக் கடன் எடுத்திருந்தவர்களுக்குக் கடனை அடைக்காமல் காசை நிலையான வைப்பில் போட்டதே இலாபம். மாறும் வட்டியில் எடுத்தவர்கள் நிலை தலைகீழ். தவணை அப்படியே இருக்க, அது வட்டிக்கே போதாமல் போனது. எனவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கடனின் வட்டி மாறுவதா, மாறாததா என்பது. அதன் பிறகு, வரி போக வைப்பில் கிடைப்பது கடன் வட்டியை விடக் குறைவா என்பது. இன்று 8 வீத நிலையான வைப்பு வரி போக 7.2 வீதம். 12 வீதக் கடன் உள்ளவருக்கு அது இன்னும் நட்டமே.

நாவலப்பிட்டியில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்

கடைக்காரரிடம் ஈடுசெய் கடன் இல்லை. அவரிடம் இருப்பது சாதாரண கடனும் 15 இலட்சமும் நியாயமான ஒரு பயமும்தான். இரண்டு பேரும் கடையின் பின்னால் உட்கார்ந்து, சீனி மூட்டையின் மேல் கொப்பியை வைத்துக் கணக்குப் போட்டோம்.

முழுத் தொகையையும் கடனில் போட்டால் வட்டி மிச்சம் ஈடுசெய் கணக்கில் வருவதேதான், அதே 88 மாதங்கள். ஆனால் காசு திரும்ப வராது. ஆகவே அவரது நிம்மதிக்கு எவ்வளவு போதும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பத்து மாதத் தவணை கையில் இருந்தால் போதும் என்றார். பத்துத் தவணை என்பது 6 இலட்சம். மீதி 9 இலட்சத்தைக் கடனில் போடலாம்.

இந்த இடத்தில்தான் பலர் தவறவிடும் விடயம் இருக்கிறது. பகுதிக் கொடுப்பனவு செய்தால் வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யலாம். தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கலாம். அல்லது காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைக்கலாம். 41 இலட்சம் மீதிக் கடனுக்கு 60,008 ரூபாவே தொடர்ந்து கட்டினால் 116 மாதங்களில், பத்து வருடத்துக்குள், கடன் முடிகிறது. மொத்த வட்டி ஏறத்தாழ 28 இலட்சம். தவணையைக் குறைத்தால் மாதம் 49,207 ரூபாதான் கட்ட வேண்டும், கேட்க இதமாக இருக்கும். ஆனால் 180 மாதமும் கட்ட வேண்டும். வட்டி ஏறத்தாழ 47 இலட்சத்து 60 ஆயிரம். ஒரே 9 இலட்சம், ஆனால் இரண்டு முடிவுகளுக்கும் நடுவே 19 இலட்சத்துக்கு மேல். எதையும் சொல்லாமல் காசைக் கட்டினால் எது நடக்கும் என்பது அந்தந்த வங்கியின் வழக்கம். ஆகவே "தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுத்தில் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கையில் வாங்க வேண்டும்.

முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி கட்டணம் அறவிடுமா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். 3 வீதம் என்றால் 9 இலட்சத்துக்கு 27,000 ரூபா. அந்த 9 இலட்சம் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 108,000 ரூபா வட்டியைக் குறைப்பதால், சேமிப்பில் வந்திருக்கக்கூடிய 24,300 ரூபாவைக் கழித்தாலும், நான்கு மாதத்துக்குள் கட்டணம் ஈடாகிவிடும். சில ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட பங்கு வரை கட்டணம் இல்லாமல் கட்ட அனுமதி உண்டு. அப்படியானால் இரண்டு ஆண்டுகளில் பிரித்துக் கட்டலாம்.

எந்த வங்கியாவது ஈடுசெய் வசதி தருவதாகச் சொன்னால் அதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. முதல் மாதக் கூற்றைப் பாருங்கள். 35 இலட்சத்துக்கு 12 வீதம் என்றால் மாத வட்டி 35,000 ரூபாவுக்கு அண்மையாக இருக்க வேண்டும். நாட்கணக்கில் போடுவதால் முப்பது நாள் மாதத்தில் 34,521 என்றும், முப்பத்தொரு நாள் மாதத்தில் 35,671 என்றும் வரலாம். 50,000 ரூபாவை அண்மித்து இருந்தால் சேமிப்புக் கணக்கு கடனோடு இணைக்கப்படவே இல்லை என்று அர்த்தம். அவுஸ்திரேலியாவிலேயே கணக்கை இணைக்காமல் விட்டு, பின்னர் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த வங்கிகள் உண்டு. யாரும் மோசடி செய்யவில்லை, படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கெல்லாம் காணி உறுதி கையில் உள்ளவர்களுக்கு. நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயன் அறைகளில் இன்றும் வாழ்கின்ற, காணிக்கு உறுதி இல்லாத குடும்பங்களுக்கு வங்கியில் ஈடு வைக்க எதுவும் இல்லை. அவர்களுக்கு எந்த வகை வீட்டுக் கடன் நல்லது என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கடைக்காரர் அடுத்த கிழமை வங்கிக்குப் போனார். பகுதிக் கொடுப்பனவுக்கான கட்டணம் எவ்வளவு, காலத்தைக் குறைப்பார்களா என்று இரண்டு கேள்விகளைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வந்திருக்கிறார். முதலாவதற்கு அங்கேயே பதில் கிடைத்தது. இரண்டாவதற்குத் தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் ஆறு இலட்சம் போதுமா, எட்டாக வைத்துக்கொள்வோமா என்று அவரும் மனைவியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.